‘பிரீமியமா வேணும்’ எண்டால் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரவேணும்?

“படம் கொஞ்சம் பிரீமியமா இருக்கோணும் தம்பி.” யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பொருட்களின் படம் எடுத்துக் கொடுக்கிற எவரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். இதற்கு ஒரு தங்கச்சி வசனமும் உண்டு: “கொஞ்சம் ப்ளேஃபுல்லா, யங்கா இருந்தால் நல்லம்.” கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டுவோம். பிறகு நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். முதல் வசனத்துக்குக் கறுப்புப் பின்னணியும் பொன்னிற எழுத்தும். இரண்டாவதுக்கு மஞ்சள் பின்னணியும் காற்றில் பறக்கிற பொருட்களும். மிளகாய்த்தூளுக்கும் இதுதான், முருங்கையிலைத் தூளுக்கும் இதுதான், பனங்கட்டிக்கும் இதுதான்.

எங்கள் கருத்து இதுதான். ‘பிரீமியம்’, ‘ப்ளேஃபுல்’ என்பவை படம் எடுக்கிறவருக்கான கட்டளைகள் அல்ல. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு லைற்றைக்கூட எங்கே வைப்பதென்று முடிவெடுக்க ஏலாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது. அந்தச் சொல் இந்தப் பொருளில் எதைக் காட்டச் சொல்கிறது, அதைக் காட்ட வெளிச்சமும் நிறமும் ஒழுங்கமைப்பும் என்ன செய்யவேண்டும் என்பதுதான் அந்த வேலை. அதைச் செய்யாமல் விட்டால் வேறு யாரோ, வேறு எந்தப் பொருளுக்கோ செய்த மொழிபெயர்ப்பை நாங்கள் கடன் வாங்கிக்கொள்கிறோம். கறுப்புப் பின்னணி அப்படி வந்த கடன்தான்.

இதைப் பொதுவாகக் கதைத்தால் விளங்காது. அதனால் ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: பனங்கட்டிக் குட்டான்.

ஏன் பனங்கட்டி?

தெரியாத ஆக்களுக்கு: சுண்ணாம்பு தடவிய முட்டியில் சேரும் கருப்பநீரைக் காய்ச்சி, பாகுப் பதத்தில் பனையோலையால் பின்னிய சின்னக் குட்டானுக்குள் ஊற்றி இறுக விடுவார்கள். பிளேன் ரீயோடு கடித்துக் குடிப்பதற்கு அதுக்கு நிகர் ஒன்றுமில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கியது. அதன் ‘கற்பகம்’ கடைகளில் குட்டானைக் காணாமல் போகமாட்டீர்கள். இப்போது பெண்கள் குழுக்களும் தனி ஆட்களும் இதைப் பெட்டியில் அடைத்து இணையத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். அவர் குட்டானைத் தொட்டுப் பார்க்க முடியாது, மணக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டும்.

ஆகவே படத்தில் எது தெரிகிறதோ அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். ஒரு குட்டானில் இரண்டு பேரின் வேலை இருக்கிறது: காய்ச்சியவர் ஒருவர், ஓலை பின்னியவர் இன்னொருவர். கறுப்புப் பின்னணியில் கருமண்ணிறக் கட்டியை வைத்தால் முதலில் காணாமல் போவது ஓலைப் பின்னலின் நிழற்பக்கம். அதாவது அந்த இரண்டாவது ஆளின் வேலை. எங்களுக்கு இது அழகியல் சண்டை மட்டுமல்ல என்பது இதனால்தான்.

சொல்லுக்கும் படத்துக்கும் நடுவில்

பிராண்டுக்கும் மனிதருக்கு இருப்பதுபோல் ஒரு ஆளுமை உண்டு என்ற எண்ணத்தை அளந்து பார்த்த கட்டுரைகளில் பெயர்பெற்றது ஜெனிஃபர் ஆக்கர் 1997 இல் எழுதியது. அமெரிக்கர்கள் பிராண்டுகளைப் பார்க்கிற விதத்தை அவர் ஐந்து பெரிய குணங்களாகப் பிரித்தார்: நேர்மை, துடிப்பு, திறமை, நயம், முரட்டுத்தனம். இந்த ஐந்தில் ‘பிரீமியம்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரீமியம் என்பது ஒரு குணமல்ல, ஒரு விலை. “மற்றதைவிடக் கூடக் காசு கேட்கப்போறன்” என்பதுதான் அதன் அர்த்தம். எந்தக் குணத்துக்காகக் கூடக் கேட்கிறீர்கள் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

2001 இல் ஆக்கர் வேறு இருவரோடு சேர்ந்து இதே ஆய்வை ஜப்பானிலும் ஸ்பெயினிலும் செய்து பார்த்தார். இரண்டு நாட்டிலும் ‘முரட்டுத்தனம்’ தனிக் குணமாக வரவில்லை. பதிலாக ‘அமைதி’ வந்தது. ஸ்பெயினில் ‘வேட்கை’ என்றொரு குணமும் வந்தது. ஆக, குணங்களின் பட்டியல்கூட ஊருக்கு ஊர் மாறும். எங்கள் ஊருக்கு அதை நாங்கள்தான் யோசிக்கவேண்டும்.

யோசித்தால் எங்களிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. பிரீமியத்துக்குப் பக்கத்தில் வருகிற யாழ்ப்பாணச் சொல் ‘திறம்’. “திறமான சாமான்” என்று ஒரு அம்மம்மா சொன்னால் அது ஆடம்பரத்தைப் பற்றியதல்ல. கலப்படமில்லை, பதம் பிசகவில்லை, செய்த கை நல்ல கை என்று அர்த்தம். ப்ளேஃபுல்லுக்குப் பக்கத்தில் வருவது ‘பகிடி’. பகிடிக்கு எப்போதும் இரண்டு பேர் தேவை. ஒன்று எதிர்பார்த்த ஒழுங்கிலிருந்து கொஞ்சம் விலகவும் வேண்டும். இந்த இரண்டு சொல்லிலும் படம் எடுக்கிறவருக்கு ஏற்கெனவே துப்பு இருக்கிறது. ‘திறம்’ என்றால் ஆதாரம் காட்டு. ‘பகிடி’ என்றால் ஒழுங்கைக் கலை.

இனி ஒவ்வொன்றையும் வெளிச்சமாக்குவோம். நாங்கள் ஒரே கடையில் வாங்கிய குட்டான்கள், ஒரு போன், ஒரு யன்னல், பிறிஸ்டல் போட் சில. இவ்வளவுதான் எடுத்துக்கொண்டோம். வேறு பொருள் மாறினால் எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்ல முடியாது.

திறம்

பனங்கட்டியில் திறத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? உடைத்த முகத்தில். நல்ல பதத்தில் இறுகிய கட்டியை உடைத்தால் உள்ளே மணிமணியாக ஒரு சொரசொரப்புத் தெரியும். இன்னொரு ஆதாரம் ஓலைப் பின்னலின் நெருக்கம். இரண்டுமே மேற்பரப்பின் மேடுபள்ளங்கள். மேடுபள்ளத்தைக் காட்டுகிற வெளிச்சம் பக்கத்தால் வரவேண்டும். கமராவின் பக்கத்திலிருந்து நேராக அடிக்கிற வெளிச்சம் ஒவ்வொரு மேட்டின் நிழலையும் அதன் பின்னாலேயே ஒளித்துவிடும். போன் ஃப்ளாஷ் செய்வது அதுதான். அதனால்தான் ஃப்ளாஷ் போட்ட பனங்கட்டி சொக்லேற் மாதிரி வழவழவென்று தெரியும்.

ஆகவே யன்னலைப் பொருளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் வரும்படி வைத்தோம். மணிக்கூட்டில் கமரா ஆறு மணியில் நிற்கிறது என்றால் யன்னல் பத்து மணியில். யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டோம். இங்கே ஒரு விசயம் விளங்கவேண்டும். நிழலின் ஓரம் கூராக இருக்குமா, மெத்தென்று இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது வெளிச்சத்தின் பலம் அல்ல. பொருளிலிருந்து பார்க்க அந்த வெளிச்சம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே தீர்மானிக்கும். சூரியன் பென்னாம் பெரியது, ஆனால் இங்கிருந்து பார்க்க அரைப் பாகை அகலம்தான். அதனால் நிழல் கத்திபோல் வெட்டும். ஒரு மீற்றர் அகலமான, வேட்டி கட்டிய யன்னலை ஒரு மீற்றர் தூரத்திலிருந்து பார்த்தால் அது ஐம்பது பாகைக்கு மேல். சூரியனைவிட நூறு மடங்கு அகலம். நிழல் மெல்ல மெல்லக் கரையும். திறத்துக்கு இந்தக் கரையும் நிழல்தான் வேண்டும், ஏனெனில் பார்க்கிறவரின் கண் மேற்பரப்பில் நிற்கவேண்டும், நிழலின் உருவத்தில் அல்ல.

அடுத்தது, நிழற்பக்கம் எவ்வளவு இருட்டு? இதை ‘மூட்’ என்று விட்டுவிடாமல் எண்ணால் சொல்லலாம். போனின் புரோ மோடில் ISO ஐ ஒரே எண்ணில் நிறுத்தி, ஷட்டரை மட்டும் தானாக மாற விடுங்கள். குட்டான் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டகம் முழுக்கக் கடதாசி வரும்படி போனைக் கிட்டக் கொண்டுபோய் ஷட்டர் எண்ணைப் பாருங்கள். பிறகு கடதாசியை நிழற்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதலாவது 1/200, இரண்டாவது 1/50 என்றால் வெளிச்சப்பக்கம் நான்கு மடங்கு பிரகாசம். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாதது என்பதால் இந்தக் கணக்கு நம்பலாம். இரண்டு மடங்கு என்றால் படம் நட்பாக, வெளிச்சமாக இருக்கும். நான்கு மடங்கில் உருண்டை தெரியும், நிழற்பக்கப் பின்னலும் தெரியும். எட்டு மடங்குக்குப் போனால் நாடகம் தொடங்கிவிடும், பின்னல் மறையும். நாங்கள் நான்கில் நிறுத்தினோம். நிழற்பக்கம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை பிறிஸ்டல் போட்டைக் கிட்ட நகர்த்துங்கள். கூட வெளிச்சமாக இருந்தால் தள்ளுங்கள். போனின் HDR ஐ நிறுத்த மறக்கவேண்டாம். அது நீங்கள் கஷ்டப்பட்டு வைத்த நிழலைத் தானாகத் தூக்கி வெளிறச் செய்துவிடும். கண்ணால் பார்த்தபோது இருந்த உருண்டை படத்தில் தட்டையாகிவிட்டால் அதைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

பின்னணி நிறத்தில்தான் எங்களுக்கும் கறுப்புக்கும் தகராறு. மண்ணிறம் ஒரு விசித்திரமான நிறம். அது உண்மையில் இருண்ட செம்மஞ்சள்தான். சுற்றியிருப்பதைவிட இருட்டாக இருந்தால் மட்டுமே அதை நாங்கள் மண்ணிறமாகக் காண்கிறோம். கறுப்பின் மேல் வைத்தால் சுற்றியிருப்பதைவிடக் கட்டிதான் வெளிச்சம், ஆகவே அது செம்மஞ்சள் பக்கம் சாயும். தூய வெள்ளையில் வைத்தால் அதே கட்டி கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். போனின் தானியங்கி அளவீடு இதை இன்னும் குழப்பும். சட்டகம் முழுக்கக் கறுப்பைக் கண்டால் ‘இருட்டு’ என்று நினைத்துப் படத்தை வெளிறச் செய்யும். வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கும். நடுத்தர வெளிச்சத்தில் ஒரு பின்னணி இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் மதிலின் சாம்பல் கலந்த வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய துணி கிடைத்தது. அதில் கட்டி மண்ணிறமாகவே நின்றது, ஓலையும் ஓலை நிறமாகவே நின்றது.

கறுப்புக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு, அது ஒளியியல் அல்ல. குட்டான் பெட்டிகள் பலதும் பரிசாகப் போகின்றன: பொங்கலுக்கு, கலியாணத்துக்கு, வெளிநாட்டால் வந்தவர் திரும்பும்போது. நல்ல காரியத்துக்குக் கறுப்பைத் தவிர்க்கிற வீடுகளுக்குப் போகும் பெட்டியின் படத்தைக் கறுப்பால் மூடுவது யாருடைய ‘பிரீமியம்’?

ஒழுங்கமைப்பில் ஒரு முழுக் குட்டானும் அதன் முன்னால் உடைத்த ஒரு பாதியும். கமரா பொருளின் உயரத்துக்கு இறங்கியது, ஏனெனில் மேலிருந்து எடுத்தால் பின்னல் தெரியாது. சட்டகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருள். மிச்சம் வெறுமை.

வெறுமை விலையுயர்ந்ததா?

வெறுமை என்றவுடன் “அதுதானே பிரீமியம்” என்பார்கள். இங்கே கொஞ்சம் நிற்போம். விளம்பர வரலாற்றில் மிகப் பிரபலமான வெறுமை, 1959 இல் டொய்ல் டேன் பேர்ன்பாக் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் பீற்றிலுக்குச் செய்த ‘சிறிதாக யோசி’ விளம்பரம். பக்கம் முழுக்க வெறுமை, ஒரு மூலையில் சின்னதாக ஒரு கார். அந்தக் கார் ஆடம்பரக் கார் அல்ல, மலிவான கார். அங்கே வெறுமை சொன்னது ‘நாங்கள் விலை கூட’ என்றல்ல, ‘நாங்கள் பந்தா காட்டுவதில்லை’ என்று. சொல்லப்போனால் அது ஒரு பகிடியும்கூட. வெறுமை தரத்தின் அடையாளமானது காலப்போக்கில், பல நிறுவனங்கள் திரும்பத் திரும்ப அப்படிப் பயன்படுத்தியதால். பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அது விளங்கும்.

எங்கள் படத்தில் வெறுமைக்கு வேறு வேலை: கண்ணுக்குப் போக வேறு இடம் இல்லாமல் செய்வது. அந்த வேலையைச் செய்யாத வெறுமை வெறும் காலி இடம். சந்தேகமென்றால் படத்தைப் பெருவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். அந்த அளவில் குட்டான் ஒரு புள்ளியாகிவிட்டால் வெறுமை கூடிவிட்டது.

பகிடி

இப்போது அதே குட்டான்கள். இம்முறை கண் மேற்பரப்பில் நிற்கத் தேவையில்லை, துள்ளவேண்டும். ஆகவே வேட்டியைக் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்தோம்.

யாழ்ப்பாண வெயிலை ‘படத்துக்கு ஆகாது’ என்று ஒதுக்குவது எங்கள் ஆக்களின் பழக்கம். நண்பகலில் அது சரிதான். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும், குட்டானின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஆனால் காலையில் கதை வேறு. எங்கள் அட்சக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 15 பாகை. உதித்து இரண்டு மணித்தியாலத்தில் 30 பாகை. அப்போது ஐந்து சென்ரிமீற்றர் குட்டானுக்கு எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் நிழல் விழும், ஓரம் கத்திபோல் வெட்டும். நிழல் இப்போது ஒரு உருவம். ஒரு குட்டானின் நிழல் அடுத்த குட்டானில் ஏறி விழுகிறபோது அவை ஒன்றையொன்று இடிப்பதுபோல் இருக்கும். அந்த இரண்டாவது ‘ஆள்’ இப்படித்தான் கிடைத்தார்.

ஆனால் கூரான நிழல் கறுப்பாக இருக்கக்கூடாது. கறுப்பாக இருந்தால் பகிடி மிரட்டலாகிவிடும். நிழலின் எதிர்ப்பக்கம் வெள்ளை பிறிஸ்டல் போட்டைக் கிட்ட வைத்து நிழலைத் தூக்கினோம். அதே கடதாசிக் கணக்கில் மூன்று மடங்குக்குள் கொண்டுவந்தால் போதும். கூரான ஓரம், வெளிச்சமான உள். பகிடிக்கு இந்தச் சேர்க்கைதான் முக்கியம், மஞ்சள் நிறம் அல்ல.

நிறத்துக்கு வருவோம். ‘மஞ்சள் சந்தோசம், நீலம் அமைதி’ என்ற அட்டவணைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவர் 1994 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. மனிதரின் உணர்வை அதிகமாக மாற்றியது எந்த நிறம் என்பதல்ல, அந்த நிறம் எவ்வளவு செறிவு, எவ்வளவு வெளிச்சம் என்பவைதான். செறிவு கூடக்கூடத் துடிப்பும் கூடியது. ஆகவே “என்ன கலர்?” என்று கேட்பதற்கு முன் “எவ்வளவு செறிவு?” என்று கேட்கவேண்டும். திறம் படத்தில் துணியின் செறிவு மிகக் குறைவு. பகிடிப் படத்தில் பின்னணியை நன்றாகச் செறிந்த பச்சைநீலமாக வைத்தோம். செம்மஞ்சளுக்கு எதிர்ப்பக்க நிறம் அது என்பதால் கட்டி தானாக மேலெழுந்து வந்தது. செறிவைப் பின்னணியில்தான் கூட்டவேண்டும், பொருளில் அல்ல. எடிற் செய்யும்போது முழுப் படத்தின் செறிவையும் இழுத்தால் பனங்கட்டி சிவந்துவிடும். பெட்டியைத் திறந்த ஆள் இருண்ட கட்டியைக் கண்டு “படத்தில இப்பிடி இல்லையே” என்பார். அவர் சொல்வது நியாயம்.

ஒழுங்கமைப்பில் கமரா நேர் மேலே. ஐந்து குட்டான்கள், இடைவெளி ஒன்றுக்கொன்று சமமில்லை. ஒன்று சரிந்து கிடக்கிறது, ஒன்று பாதி சட்டகத்துக்கு வெளியே. ஒழுங்கு இருந்தால்தான் கலைப்பு தெரியும் என்பதால் நான்கை ஒரே வரிசையில் வைத்துவிட்டு ஐந்தாவதை மட்டும் கவிழ்த்தோம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அது பகிடியல்ல, கொட்டிண்ட சாமான்.

இந்த இடத்தில் வெளிநாட்டு விளம்பரங்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பிஸ்கற்றோ ஐஸ்கிறீமோ, ‘ப்ளேஃபுல்’ என்றால் ஒரு கடி கடித்து வைப்பார்கள். கடித்த குட்டான் படம் ஒன்றை ஒரு அம்மம்மாவிடம் காட்டினால் அவர் கேட்பது இதுதான்: “கடிச்சதை ஏன் பிள்ளையள் படம் எடுத்தனீங்கள்? எச்சில் எல்லோ?” ஒரே கடி, ஒரு ஊரில் குறும்பு, இன்னொரு ஊரில் எச்சில். கையால் உடைத்த துண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் பகிர்ந்து கொடுக்கிற அர்த்தமும் சேர்ந்துவிடுகிறது.

சரியா வந்ததோ எண்டு எப்படிப் பார்க்கிறது?

“இது பிரீமியமா இருக்கோ?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேட்ட மரியாதைக்கு ஓம் என்பார்கள். பெயரும் விலையும் மறைத்து இரண்டு படத்தையும் தனித்தனி ஆட்களிடம் காட்டி, “இது என்ன விலை இருக்கும்? இதை யாருக்கு வாங்குவீங்கள்?” என்று கேளுங்கள். திறம் படத்துக்கு “மாமி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்” என்று வந்தால், பகிடிப் படத்துக்கு “கம்பஸுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம்” என்று வந்தால் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் வெளிச்சமும் நிறமும் ஒழுங்கமைப்பும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அப்போது ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி காட்டுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பிழை என்று ஒருநாளும் தெரியாது.

எங்களுக்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. “வெளிநாட்டில் இருப்பவர் கறுப்பையும் பொன்னையும் கண்டால் விலை கூடின சாமான் என்று உடனே விளங்கிக்கொள்வார். விளங்குகிற மொழியில் பேசினால் என்ன?” உண்மைதான், அது பலரும் படித்துவிட்ட மொழி. ஆனால் அதனாலேயே அந்த வரிசையில் சொக்லேற்றும் கோப்பியும் கறுப்பாகத்தான் நிற்கின்றன. அங்கே இன்னொரு கறுப்புப் படம் யாரையும் தனியாகக் காட்டாது. கறுப்புக்கு நாங்கள் பரம எதிரிகளும் அல்ல. பனஞ்சாராயப் போத்தலைப் படம் எடுக்கச் சொன்னால் இருண்ட பின்னணியை நாங்களே கேட்போம். கண்ணாடிக்கு நிறமில்லை. இருட்டின் நடுவில் பக்கங்களால் வெளிச்சம் வந்தால்தான் அதன் ஓரம் ஒரு ஒளிக்கோடாக எழும். மணிக்கூட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் கறுப்பு பொருந்தியதும் அதே காரணத்தால், அவை மினுங்குகிற பொருட்கள். பனங்கட்டி மினுங்காது.

படத்தால் முடியாததையும் சொல்லவேண்டும். பனங்கட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்பதை எந்த வெளிச்சமும் காட்டாது. திறம் படம் கலப்படக் கட்டிக்கும் அதே அழகோடு வரும். ஆகவே “திறம்” என்று சொல்ல வைக்கிற படம் ஒன்றை எடுத்துக் கொடுக்க முன்னம், சாமான் எங்கே காய்ச்சினது, யார் காய்ச்சினது என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது. கேட்கவும் வேண்டும்.

அடுத்த முறை யாராவது “பிரீமியமா வேணும்” எண்டால் தலையாட்டாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். எதற்காகக் கூட விலை? அதற்கு ஆதாரம் பொருளில் எந்த இடத்தில் இருக்கிறது? அந்த இடம் தெரிய வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரவேணும், நிழல் எத்தனை மடங்கு? பொருளின் நிறம் எந்தப் பின்னணியில் அதுவாகவே நிற்கும்? இதைப் பார்க்கப்போகிற ஆள் யார், அவர் முன்னால் வேறு என்னென்ன படங்கள் இருக்கின்றன? பதில்களை ஒரு தாளில் எழுதி, வேலை தொடங்க முதல் அவரிடம் காட்டி ஓம் வாங்குங்கள். பிறகு “கொஞ்சம் பிரீமியம் காணாது” என்று வந்தால், எந்த வரியில் காணாது என்று தாளை நீட்டிக் கேட்கலாம்.